மாணவர் நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித் தருவது? இணையவழி வகுப்புகளுக்கு நான்கு கட்டண விதிகள், ஓர் ஒப்பீடு

இணையவழியில் பாடம் நடத்தும் சிறு நிறுவனத்தார் பலர் ஒரே இடத்தில் தடுமாறி நிற்கிறார்கள். சேர்ந்த மாணவர் நடுவில் விலகினால் பணத்தைத் திருப்பித் தருவதா, தருவதென்றால் எத்தனை நாள் வரை, எவ்வளவு என்பதை அவர்களால் முடிவு செய்ய இயலவில்லை. கண்டிப்பாக எழுதினால் மாணவர்கள் சேரத் தயங்குவார்கள் என்றும், தாராளமாக எழுதினால் பாடத்தைப் பார்த்துவிட்டுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றும் இரண்டு அச்சங்கள் அவர்களுக்கு இருக்கின்றன. இப்படிப்பட்ட விதிகளை எழுதவும் திருத்தவும் உதவியவன் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். தகராறுகளில் பெரும்பாலானவை கண்டிப்பினாலோ தாராளத்தினாலோ வரவில்லை. விதியைப் படித்த மாணவரும் கணக்குப் பிரிவில் இருப்பவரும் இருவேறு தொகைகளைக் கணக்கிட்டதால்தான் வந்தன.

அதனால் நான்கு வழிகளையும் ஒரே நிகழ்வின் மேல் வைத்துப் பார்ப்போம். போட்டித் தேர்வுக்கான நேரலை வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். திங்கள், புதன், வெள்ளி என வாரம் மூன்று வகுப்புகள். 12 வாரங்களில் 36 வகுப்புகள். கட்டணம் ரூ.9,000, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.1,620, ஆக மொத்தம் ரூ.10,620. வரியும் சேர்த்து ஒரு வகுப்பின் விலை ரூ.295. முதல் வகுப்பு 2025 ஜூன் 2-ஆம் தேதி. முன்பதிவுச் சலுகைக்காக மாணவி ஒருவர் மே 10-ஆம் தேதியே முழுத் தொகையையும் கட்டிவிட்டார். ஒன்பது வகுப்புகள் முடிந்த நிலையில் வேறு ஊரில் வேலை கிடைத்து, ஜூன் 21 சனிக்கிழமை, விலக விரும்புவதாக மின்னஞ்சல் அனுப்புகிறார். வகுப்பில் குறை எதுவும் இல்லை. அவருடைய சூழ்நிலைதான் மாறிவிட்டது. நடைமுறையில் மிகுதியாக வரும் கோரிக்கை இந்த வகையைச் சேர்ந்ததே.

## எவற்றைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோலை மேலேயே சொல்லிவிட்டேன்: விதியைப் படிக்கும் இருவர் தனித்தனியே கணக்கிட்டாலும் ஒரே தொகை வர வேண்டும். "நியாயமான காரணம்", "பாடத்தின் பெரும்பகுதி", "நிர்வாகத்தின் முடிவே இறுதியானது" போன்ற சொற்கள் இருக்கும் விதி இந்தச் சோதனையில் தேறாது.

இரண்டாவது சட்டம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 2020-இல் வந்த மின்வணிக விதிகளும் இணையவழியில் கட்டணம் பெறும் நிறுவனத்தையும் கட்டுப்படுத்துகின்றன. கல்வி நிறுவனம் என்பதால் நமக்கு இவை பொருந்தா என்று சிலர் நினைக்கிறார்கள். பள்ளி, கல்லூரிகளைப் பற்றிய விவாதம் வேறு. பயிற்சி மையங்கள் நுகர்வோர் ஆணையங்களின் வரம்புக்குள் வருகின்றன என்று தேசிய நுகர்வோர் ஆணையத்தின் பெரிய அமர்வு 2020 ஜனவரியில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

மூன்றாவது வங்கி. மாணவர் உங்களிடம் கேட்காமலேயே தம் அட்டையை வழங்கிய வங்கியிடம் புகார் செய்து தொகையைத் திரும்பப் பெற முயலலாம். இதைத்தான் சார்ஜ்பேக் என்கிறார்கள். விசா அட்டைகளில் இதற்குப் பொதுவாக 120 நாட்கள் வரை அவகாசம் உண்டு. பதில் சொல்ல உங்களுக்குக் கிடைப்பதோ சில நாட்கள்தான். அந்தச் சில நாட்களில் காட்டக்கூடிய சான்று விதியிலிருந்தே பிறக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, விதியில் எழுதப்படாத செலவு. பேமெண்ட் கேட்வே பிடித்துக்கொண்ட கட்டணம், பதில் எழுத ஆகும் நேரம், மாணவர் பிறரிடம் சொல்லும் குறை ஆகிய எல்லாம் இதில் அடங்கும்.

## முதல் வழி: எந்நிலையிலும் திருப்பித் தருவதில்லை

"செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது" என்ற வரி முதல் அளவுகோலில் முழு மதிப்பெண் பெறும். நம் மாணவிக்குக் கிடைப்பது சுழியம். யார் கணக்கிட்டாலும் சுழியம்தான். இதை எழுதியவர்கள் பலர் இத்தோடு வேலை முடிந்தது என்று நிம்மதி அடைந்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்த வரி மற்ற மூன்று அளவுகோல்களிலும் தடுமாறுகிறது. குறைபாடுள்ள சேவைக்கான பணத்தை, ரசீதில் குறித்த காலத்துக்குள்ளோ, காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளோ திருப்பித் தர மறுப்பதை 2019 சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்று வரையறுக்கிறது. ஆசிரியர் மாறினார், வகுப்பு நேரம் மாறியது, விளம்பரத்தில் சொன்ன தேர்வுத் தொடர் வரவில்லை என்று மாணவர் ஒரு குறையைக் காட்டிவிட்டால், "எக்காரணம் கொண்டும்" என்ற சொல் உங்களைக் காப்பதற்குப் பதில் உங்களுக்கு எதிரான சான்றாக மாறும். நடுவில் விலகிய மாணவருக்கு மீதிக் காலத்துக்கான கட்டணத்தைத் திருப்பித் தரும்படி நுகர்வோர் ஆணையங்கள் பயிற்சி மையங்களுக்குப் பலமுறை உத்தரவிட்டிருக்கின்றன. அதோடு, புகார் கொடுப்பது மாணவருக்கு எளிது. தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமே இல்லை. கோயம்புத்தூரில் இருக்கும் நிறுவனம் திருநெல்வேலிக்கு ஆள் அனுப்பிப் பதில் சொல்ல வேண்டிவரும் என்றால், ரூ.10,620-ஐ வைத்துக்கொண்டதில் மிச்சம் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கலாம்.

இந்த வழி பொருந்தும் இடங்களும் உண்டு, ஆனால் அவை சிறியவை. ரூ.199-க்கு விற்கப்படும் ஒற்றை மாதிரித் தேர்வு, இரண்டு மணி நேரக் கருத்தரங்கு, வாங்கியவுடன் தரவிறக்கப்படும் குறிப்பேடு ஆகியவற்றுக்கு இது ஏற்றது. அப்போதும் "இரண்டு முறை பணம் பிடிக்கப்பட்டாலோ, கோப்பு திறக்கவில்லை என்றாலோ தவிர" என்ற விலக்கை எழுதியே ஆக வேண்டும்.

## இரண்டாம் வழி: குறிப்பிட்ட நாட்களுக்குள் முழுத் தொகை

"ஏழு நாட்களுக்குள் கேட்டால் முழுப் பணம்" என்பது மாணவருக்கு எளிதில் புரியும், விற்பனைக்கும் உதவும். இதில் தகராறு வரும் இடம், அந்த ஏழு நாட்கள் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன என்பது.

நம் மாணவி மே 10-இல் பணம் கட்டினார். "பணம் செலுத்திய நாளிலிருந்து" என்று எழுதியிருந்தால் அவருடைய அவகாசம் மே மாத நடுவிலேயே முடிந்துவிடுகிறது. முதல் வகுப்பு ஜூன் 2. ஒரு வகுப்பைக்கூடப் பார்க்காமலேயே அவர் தம் உரிமையை இழக்கிறார். முன்பதிவுச் சலுகை கொடுக்கும் நிறுவனங்கள் பலவற்றின் விதிகளில் இந்தப் பிழை ஒளிந்திருக்கிறது. முன்கூட்டியே நம்பிப் பணம் கட்டியவர்தான் இதில் மாட்டுகிறார் என்பதால் அவருடைய கோபமும் பெரிதாக இருக்கும். நேரலை வகுப்புக்கு அவகாசம் முதல் வகுப்பு நடந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். அப்படி எழுதினால் அவகாசம் ஜூன் 8 நள்ளிரவு வரை நீளும். ஆறாம் நாள் கேட்டிருந்தால் மூன்று வகுப்புகளில் அமர்ந்திருந்தும் ரூ.10,620 முழுவதும் கிடைத்திருக்கும். ஜூன் 21-இல் கேட்பதால் எதுவும் கிடைக்காது.

இந்த முழுமைக்கும் சுழியத்துக்கும் இடையிலான பள்ளம்தான் இவ்வழியின் குறை. ஏழாம் நாள் இரவு 11.50-க்குக் கேட்டவருக்கு எல்லாம், எட்டாம் நாள் காலை கேட்டவருக்கு ஒன்றுமில்லை என்றால், எட்டாம் நாள் காலையில் வருகிற ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு வாதமாகத்தான் தொடங்கும். சிலருக்கு இரக்கப்பட்டு விலக்கு அளித்தால் மற்றவர்கள் அதையே எடுத்துக்காட்டாகக் காட்டுவார்கள்.

பதிவு செய்யப்பட்ட பாடங்களுக்கு நிலைமை வேறு. அங்கே எல்லாப் பாடங்களும் முதல் நாளே கையில் கிடைத்துவிடுவதால், எத்தனை நாள் ஆயிற்று என்பதைவிட எவ்வளவு பார்த்தார் என்பது முக்கியம். பெரிய தளங்களுள் ஒன்றான யூடெமி 30 நாள் அவகாசம் தருகிறது. பாடத்தில் கணிசமான பகுதியைப் பார்த்துவிட்டவருக்கோ தரவிறக்கிக்கொண்டவருக்கோ மறுக்கும் உரிமையையும் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அத்தனை பெரிய தளத்துக்கு "கணிசமான பகுதி" என்ற நெகிழ்வான சொல் செல்லுபடியாகலாம். சிறு நிறுவனம் அப்படி எழுதினால் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லின் பொருளைப் பற்றியே சண்டை நடக்கும். அதற்குப் பதிலாக, 40 மணி நேரப் பாடத்துக்கு "ஏழு நாட்களுக்குள், மொத்த நிமிடங்களில் 20 சதவீதத்துக்குக் குறைவாகப் பார்த்திருந்தால்" என்று எழுதலாம். அதாவது எட்டு மணி நேரம். பாடங்களின் எண்ணிக்கையை வைத்து அளக்கக் கூடாது. ஐந்து நிமிட அறிமுகங்கள் பத்தைப் பார்த்தவர் கால் பங்கு முடித்துவிட்டதாக அந்தக் கணக்கு காட்டிவிடும். பார்த்த நிமிடங்கள் மாணவரின் பக்கத்திலேயே அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதும் முக்கியம். உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் எண்ணை வைத்து ஒருவருக்கு மறுத்தால் அவர் அதை நம்ப வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

## மூன்றாம் வழி: நடந்த வகுப்புகளுக்குக் கழித்து மீதியைத் தருதல்

நேரலை வகுப்புகளுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். கணக்கும் எளிது. 36-இல் ஒன்பது வகுப்புகள் நடந்துவிட்டன, மீதி 27. ஒரு வகுப்புக்கு ரூ.295 என்றால் மாணவிக்குத் திரும்ப வேண்டியது ரூ.7,965. இதில் ரூ.6,750 கட்டணம், ரூ.1,215 ஜிஎஸ்டி. பயிற்சி மையங்களுக்காக மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே திசையில்தான் செல்கிறது: முழுக் கட்டணம் செலுத்தியவர் நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான தொகையை 10 நாட்களுக்குள் விகிதப்படி தர வேண்டும் என்கிறது. அது மாநிலங்கள் செயல்படுத்த வேண்டிய வழிகாட்டுதல்தான் என்றாலும், அதற்கு இணங்க எழுதிய விதியை யாரும் நியாயமற்றது என்று எளிதில் சொல்ல முடியாது.

ஆனால் இந்த வழியில் விதி கவனமின்றி எழுதப்பட்டால் ஒரே நிகழ்வுக்கு நான்கைந்து விதமான தொகைகள் வரும். அந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, நடந்த வகுப்பா, அவர் கலந்துகொண்ட வகுப்பா என்பது. மாணவி ஒன்பதில் நான்குக்குத்தான் வந்தேன் என்பார். வருகையைக் கணக்கிட்டால், வராமல் இருப்பதே இலாபம் என்றாகிவிடும். அதனால் நடந்த வகுப்புகளை எண்ண வேண்டும். அதே நேர்மையோடு, நடக்காத வகுப்பை எண்ணக் கூடாது. ஜூன் 13-இல் ஆசிரியருக்கு உடல்நலமில்லாமல் வகுப்பு ரத்தாகி இருந்தால் நடந்தவை எட்டுதான்; அப்போது திரும்ப வேண்டியது ரூ.8,260.

இரண்டாவது, எந்த நாளோடு எண்ணிக்கை நிற்கிறது என்பது. மாணவி மின்னஞ்சல் அனுப்பியது சனிக்கிழமை. அலுவலகத்தில் அதைத் திறந்தது செவ்வாய்க்கிழமை. இடையில் திங்கட்கிழமை வகுப்பு நடந்துவிட்டது. கோரிக்கை வந்து சேர்ந்த நேரத்துக்கு முன் தொடங்கிவிட்ட வகுப்புகளை மட்டுமே கழிக்க வேண்டும். அலுவலகத்தின் தாமதத்துக்கு மாணவர் பணம் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, எந்த விலையில் கழிப்பது என்பது. மிகவும் கசப்பான தகராறுகளை நான் கண்டது இங்கேதான். விளம்பரத்தில் ரூ.15,000 என்று அடித்து எழுதி, சலுகை விலையில் ரூ.10,620-க்கு விற்றுவிட்டு, விலகும்போது மட்டும் ஒன்பது வகுப்புகளை ரூ.15,000 கணக்கில் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் கழிவு ரூ.3,750, உண்மையில் கழிக்க வேண்டியது ரூ.2,655. வித்தியாசம் ரூ.1,095. "இலவசம்" என்று சேர்த்துக் கொடுத்த தேர்வுத் தொடருக்குப் பின்னர் ஒரு விலை போட்டுக் கழிப்பதும் இதே வகைதான். செலுத்திய தொகையின் மேல்தான் கணக்கு நடக்க வேண்டும். அச்சிட்ட புத்தகம் அனுப்புகிறீர்கள் என்றால், அதன் விலையைச் சேரும்போதே தனி வரியாக ரசீதில் காட்டிவிட்டு, திறந்த புத்தகத்துக்குப் பணம் திரும்பாது என்று அங்கேயே எழுதிவிடலாம். அதில் யாருக்கும் மனக்குறை வராது.

நான்காவது, ஜிஎஸ்டி. "வரியை அரசுக்குக் கட்டிவிட்டோம், அதைத் திருப்பித் தர இயலாது" என்று எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இது சரியல்ல. விலைப்பட்டியல் கொடுத்தபின் சேவையின் ஒரு பகுதி வழங்கப்படவில்லை என்றால், ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி கிரெடிட் நோட் எழுதி உங்கள் வரிப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளலாம். முன்பணம் மட்டும் வாங்கி, விலைப்பட்டியலும் எழுதாமல் சேவையும் தொடங்காத நிலையில் என்றால் ரீஃபண்ட் வவுச்சர் கொடுக்க வேண்டும். கிரெடிட் நோட்டைக் கணக்கில் காட்டுவதற்கு, நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 அல்லது ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரை அவகாசம் உண்டு. 2025 ஜூனில் நடந்த விலகலுக்கு அந்த அவகாசம் போதும், போதும் என்பதற்கு மேலும் இருக்கிறது. எனவே அந்த ரூ.1,215-ஐப் பிடித்துக்கொள்ளக் காரணமே இல்லை. இதைத் தெரிந்த மாணவர் கேட்கும்போது பதில் சொல்ல முடியாமல் நின்றால், விதியின் மற்றப் பகுதிகளின் மேலும் அவருக்கு நம்பிக்கை போய்விடும்.

ஐந்தாவது, "செயல்முறைக் கட்டணம்". ரூ.10,620 அட்டை வழியே வந்திருந்து, கேட்வே 2 சதவீதம் எடுத்துக்கொண்டதாகக் கொண்டால் ரூ.212.40-உம் அதன் மேல் வரியும், ஆக ஏறக்குறைய ரூ.250 போயிருக்கும். நீங்கள் பணத்தைத் திருப்பினாலும் அந்தத் தொகை பொதுவாக உங்களுக்குத் திரும்பி வராது. அதை மாணவரிடம் பிடிக்கலாமா? மின்வணிக விதிகளின்படி, நிறுவனம் தானாக ரத்து செய்யும்போது அதே போன்ற கட்டணத்தைத் தானும் ஏற்காவிட்டால், நுகர்வோரிடம் ரத்துக் கட்டணம் வாங்கக் கூடாது. அதாவது நீங்கள் ஒரு பேட்ச்சையே நிறுத்தினால் ஒவ்வொரு மாணவருக்கும் முழுத் தொகையோடு அந்த ரூ.250-ஐயும் சேர்த்துத் தர ஆயத்தமாக இருக்க வேண்டும். அதைச் செய்ய மனமில்லாதவர்கள் அந்தச் செலவை விலையிலேயே சேர்த்துவிடுவது நல்லது. நூறு மாணவர்களில் ஐவர் விலகினாலும் ஒரு மாணவருக்குச் சுமார் ரூ.13 தான் கூடும்.

இந்த வழியின் உண்மையான செலவு, பணம் கையில் நிற்காததுதான். மே மாதம் வசூலித்த தொகையை முழுவதும் விளம்பரத்துக்கும் ஆசிரியர் முன்பணத்துக்கும் செலவிட்டுவிட்ட நிறுவனம் ஜூன் மாதம் ரூ.7,965-ஐ எடுத்துக் கொடுக்கத் திணறும். நடக்காத வகுப்புகளுக்கான தொகையில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் வைத்திருக்க முடியாதவர்கள் இந்த விதியை எழுதக் கூடாது. எழுதிவிட்டுத் தாமதிப்பதைவிட, முன்கூட்டியே குறைவாக வசூலிப்பது மேல்.

## நான்காம் வழி: மாதக் கட்டணம், எப்போதும் நிறுத்தலாம்

முன்கூட்டியே குறைவாக வசூலிப்பதற்கான வழிதான் இது. ரூ.10,620-ஐ ஜூன் 2, ஜூலை 2, ஆகஸ்ட் 2 என மூன்று தவணைகளாக, ரூ.3,540 வீதம் யுபிஐ ஆட்டோபே அல்லது அட்டை வழியே தானாகப் பிடித்தம் செய்வதாகக் கொள்வோம். மாணவி ஜூன் 21-இல் நிறுத்தினால் அடுத்த இரண்டு தவணைகள் பிடிக்கப்படா. நடப்பு மாதத்தின் மீதி நாட்களுக்குப் பணம் திரும்பாது. அதுவரை வகுப்பில் இருக்கலாம். அவர் செலவிட்டது ரூ.3,540; திருப்பித் தர எதுவும் இல்லை.

தொகை பற்றிய தகராறு இதில் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, "நான் நிறுத்தச் சொன்னேன், ஆனாலும் பிடித்துவிட்டார்கள்" என்ற வேறு வகைத் தகராறு வருகிறது. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, தானியங்கிப் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போக வேண்டும், ரூ.15,000 வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. அந்த அறிவிப்பைப் பார்த்தபின்தான் பலருக்கு நிறுத்த வேண்டும் என்ற நினைவே வருகிறது. அந்நேரத்தில் உங்கள் தளத்தில் நிறுத்தும் பொத்தான் கண்ணுக்கு முன் இல்லை என்றால் பணம் போனபின் வங்கியிடம்தான் போவார். ஆகவே இரண்டு வரிகள் வேண்டும். பிடித்தம் நடக்கும் நொடி வரை நிறுத்தலாம் என்பது ஒன்று. பிடித்தபின் எந்த வகுப்பிலும் நுழையாமல் மூன்று நாட்களுக்குள் சொன்னால் அந்தத் தவணை முழுவதும் திரும்பும் என்பது மற்றொன்று. இரண்டாவது வரியால் நீங்கள் இழப்பது மிகச் சிறிது. அது தடுக்கும் சார்ஜ்பேக்குகளோ பல.

முதல் வாரம் இலவசம் என்று சொல்லி அப்போதே அட்டை விவரத்தை வாங்கிக்கொள்ளும் முறையை இங்கே கையாளக் கூடாது. ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்க 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் வழிகாட்டுதல்கள், இலவசச் சந்தாவுக்காகத் தானியங்கிப் பிடித்த அனுமதியைக் கட்டாயமாகக் கேட்பதையும், நிறுத்தும் வழியை மறைப்பதையும் சந்தாப் பொறி என்றே குறிப்பிடுகின்றன. இலவச வாரம் தருவதானால் அட்டை விவரம் கேட்காமல் தரலாம்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. கணக்கில் பணமில்லாததால் பிடித்தம் தோற்றுப்போகும் மாணவர்கள் ஒவ்வொரு மாதமும் சிலர் இருப்பார்கள். அவர்களை உடனே வெளியேற்றுவதா, எத்தனை நாள் பொறுப்பது என்று விதியில் இல்லாவிட்டால் அதுவே புதிய சச்சரவு. ஐந்து நாள் பொறுத்து, அதன்பின் அனுமதியை நிறுத்திவைத்து, பணம் கட்டியதும் அந்நாட்களின் பதிவுகளைத் தருவது என்பது பெரும்பாலும் ஒத்துவருகிறது. இரண்டாவது, தேர்வுக்கு முந்தைய கடைசி மாதம் மட்டும் சேர்ந்து எல்லாப் பழைய பதிவுகளையும் பார்த்துவிட்டுப் போவோர். மாதக் கட்டணத்துக்கு அந்த மாதத்துப் பதிவுகள் மட்டுமே என்று வரையறுத்தால் இது அடங்கும்.

## ஒரே மாணவி, நான்கு முடிவுகள்

| வழி | ஜூன் 21-இல் திரும்பும் தொகை | தகராறு பிறக்கும் இடம் | எதற்கு ஏற்றது |
|---|---|---|---|
| திருப்பித் தருவதில்லை | ரூ.0 | சேவையில் குறை காட்டப்படும்போது | சிறு தொகை, ஒருமுறைப் பொருள் |
| ஏழு நாட்களுக்குள் முழுத் தொகை | ரூ.0 | அவகாசம் தொடங்கும் நாள் | பதிவு செய்யப்பட்ட பாடம், பார்த்த அளவின் வரம்போடு |
| நடந்தவற்றைக் கழித்து மீதி | ரூ.7,965 | எண்ணும் முறை, கழிக்கும் விலை, வரி | தொடக்கமும் முடிவும் உள்ள நேரலை வகுப்பு |
| மாதக் கட்டணம் | ரூ.0, ஆனால் ரூ.7,080 பிடிக்கப்படவே இல்லை | நிறுத்திய நேரம் | நீண்ட அல்லது முடிவற்ற வகுப்பு, கைமுதல் குறைந்த நிறுவனம் |

பதிவுப் பாடமும் நேரலையும் சேர்த்து ஒரே விலையில் விற்பவர்கள் ஒரே விதியில் இரண்டையும் அடக்க முயல வேண்டாம். ரசீதில் இரண்டுக்கும் தனி விலை காட்டி, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய விதியை எழுதுவதுதான் வழி.

## எழுதும்போது

மூன்றாம் வழியைத் தேர்ந்தவர் எழுத வேண்டியது ஏறக்குறைய இவ்வளவுதான்:

"முதல் வகுப்பு தொடங்கும் முன் கேட்டால், செலுத்திய தொகை முழுவதும் திருப்பித் தரப்படும். அதன்பின் கேட்டால், கோரிக்கை எங்களுக்கு வந்து சேரும் முன் தொடங்கிய வகுப்புகளின் எண்ணிக்கையை, நீங்கள் செலுத்திய தொகையில் ஒரு வகுப்புக்கு ஆகும் விலையால் பெருக்கிக் கழித்து, மீதியை, அதில் அடங்கிய ஜிஎஸ்டியும் சேர்த்து, திருப்பித் தருவோம். ரத்தான வகுப்புகள் எண்ணப்படா. நீங்கள் வந்தீர்களா என்பது கணக்கில் சேராது. கோரிக்கை வந்த ஏழு நாட்களுக்குள் பணம் செலுத்திய வழியிலேயே அனுப்புவோம். உங்கள் கணக்கில் வந்து சேர வங்கிக்கு மேலும் சில வேலை நாட்கள் ஆகலாம். எடுத்துக்காட்டு: 36 வகுப்புகளுக்கு ரூ.10,620 செலுத்தியவர் ஒன்பது வகுப்புகளுக்குப் பின் விலகினால் ரூ.7,965 பெறுவார்."

இதில் கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. மற்ற வாக்கியங்களில் ஏதாவது ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டவர் அந்த எண்ணைப் பார்த்துத் திருத்திக்கொள்வார்.

விதி எங்கே காட்டப்படுகிறது என்பதும் அதன் பகுதிதான். தளத்தின் அடியில் ஒரு சிறு இணைப்பாக இருக்கும் விதி வங்கியின் முன் நிற்பது கடினம். பணம் செலுத்தும் பக்கத்திலேயே, பொத்தானுக்கு அருகில், சுருக்கத்தைக் காட்டி மாணவரே குறியிடும்படி வைக்க வேண்டும். முன்கூட்டியே குறியிட்ட பெட்டியை மின்வணிக விதிகள் ஏற்பதில்லை. குறியிட்ட தேதி, நேரம், அன்று நடப்பில் இருந்த விதியின் பதிப்பு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு ரசீதோடும் சேமித்து வையுங்கள். நடந்த வகுப்புகளின் பட்டியலோடு இவற்றை அனுப்பினால் சார்ஜ்பேக்குக்கான பதில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ரசீதில் இன்னொரு வரியும் தேவை. உங்கள் தளத்தின் பெயர் ஒன்றாகவும் பதிவு செய்த நிறுவனத்தின் பெயர் வேறாகவும் இருந்தால், வங்கிக் கணக்கில் எந்தப் பெயர் வரும் என்று அதில் சொல்லிவிடுங்கள். அறியாத பெயரில் பணம் போயிருப்பதைப் பார்த்த பெற்றோர் மோசடி என்று நினைத்து வங்கியில் புகார் செய்கிறார்கள். அந்தத் தகராறில் விதிக்கு வேலையே இல்லை.

மாணவர் வங்கியில் புகார் செய்தபின் நீங்கள் தனியாகவும் பணத்தைத் திருப்பிவிட்டால் இரண்டு முறை போய்விடும் அபாயம் உண்டு. கோரிக்கை வந்தவுடன் கேட்வே பக்கத்தில் அந்தப் பரிமாற்றத்தின் மேல் புகார் நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்ப வேண்டும். திருப்பியபின் கிடைக்கும் ஏஆர்என் என்ற பரிமாற்றக் குறிப்பு எண்ணை மாணவருக்கு அனுப்புங்கள். பணம் இன்னும் வரவில்லை என்பவர் அந்த எண்ணைத் தம் வங்கியில் காட்டித் தேடச் சொல்லலாம்.

கடன் வழியாகக் கட்டணம் செலுத்தியவர்களுக்குத் தனிப் பத்தி தேவை. அவர்களுக்குரிய தொகை கடன் கொடுத்த நிறுவனத்துக்கே போகும். கடன் மூடப்படும் வரை மாதத் தவணை தொடர்ந்து பிடிக்கப்படலாம். இதை முன்பே சொல்லாவிட்டால், பணம் திருப்பியபின்னும் நீங்கள்தான் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று மாணவர் நினைப்பார். ஐபோன் செயலிக்குள் வாங்கியவர்களுக்கோ, திருப்பித் தருவதை முடிவு செய்வது ஆப்பிள் நிறுவனம். அங்கே எப்படிக் கேட்பது என்பதை விதியிலேயே எழுதிவிட வேண்டும்.

குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் விதியின் இறுதியில் இருக்கட்டும். புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது மின்வணிக விதிகளின் கட்டளை. ஞாயிற்றுக்கிழமை வந்த புகாருக்கும் இதுவே பொருந்தும் என்பதால், பெற்றுக்கொண்டோம் என்ற பதிலாவது தானாகப் போகும்படி செய்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஒரு விதியோடு நடந்துகொண்டிருப்பவர்கள் அதை மாற்றும்போது, பழைய மாணவர்களுக்கு அவர்கள் சேர்ந்த நாளின் விதியே செல்லும். புதிய விதி அவர்களுக்குச் சாதகமாக இருந்தால் மட்டும் அதைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம் என்று எழுத வேண்டும். மாதக் கட்டணத்தை உயர்த்துவதானால் பழைய ஆட்டோபே அனுமதியை நம்பியிருக்க வேண்டாம். அந்த அனுமதி குறிப்பிட்ட உச்ச வரம்புக்கே கொடுக்கப்பட்டது. புதிய தொகையைச் சொல்லி, புதிய அனுமதியைக் கேட்டு, தராதவருக்கு நடப்பு மாதம் முடியும் வரை வகுப்பைத் திறந்து வைத்திருங்கள்.